மலையில் ஒரு முன்னோட்ட ஆய்வு: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

முன்னோட்ட ஆய்வு முடித்துவிட்டு என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் நீட்டுவது ஒரே காகிதத்தைத்தான். 'பி மதிப்பு வந்துடுச்சா பாருங்க சார்.' நான் கேட்பது வேறு காகிதம். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், கடைசி வரை எத்தனை பேர் இருந்தார்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்று எழுதிவைத்த காகிதம். அது பெரும்பாலும் இருப்பதில்லை. பைலட் ஸ்டடி என்று பெயர் வைத்துவிட்டு, சின்ன அளவில் முழு ஆய்வையே செய்துவிட்டு வந்திருப்பார்கள்.

சமூக மருத்துவம், நர்சிங், சமூகப்பணி படிக்கிறவர்களும், தொண்டு நிறுவனங்களில் முதல் தடவை ஆய்வில் இறங்குகிறவர்களும் மனதில் இருக்க, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை வைத்து ஒரு மாதிரி ஆய்வை இங்கே முதலிலிருந்து கடைசி வரை நடத்திக் காட்டுகிறேன். இதில் வரும் ஆய்வு எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. களத்தில் வரும் சிக்கல்கள் நான் பார்த்தவை.

ஆய்வு என்ன

தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பெண்களில் பலருக்கு பிரஷர் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரை டப்பாவிலேயே இருந்துவிடுவதும் உண்டு. அதே லயனில் குடியிருக்கும் ஒரு அக்காவுக்குப் பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு அனுப்பி, மாத்திரையை நினைவூட்டி, கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பைப் பற்றிப் பேச வைத்தால் பிரஷர் குறையுமா? பெரிய ஆய்வின் கேள்வி இதுதான். மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருக்கும் பெண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். ஒரு குழுவுக்கு அக்கா வருவார், இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறோம்.

முதல் வேலை: முன்னோட்டத்தின் கேள்வியைத் தனியாக எழுதுங்கள்

'பிரஷர் குறையுமா' என்பது முன்னோட்டத்தின் கேள்வி அல்ல. 'குறைகிறதா என்று கண்டுபிடிக்கும் பெரிய ஆய்வை இந்த இடத்தில், இந்த ஆட்களை வைத்து, இந்த முறையில் நடத்த முடியுமா' என்பதுதான். இந்த ஒரு மாற்றத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டாலே பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வராது. குலுக்கல் முறையிலான முன்னோட்ட ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று கன்சார்ட் நெறிமுறைக்கு 2016-இல் ஒரு விரிவாக்கம் வந்தது. அதுவும் சிகிச்சை பலன் தருகிறதா என்று சோதித்து முடிவு சொல்வதை முன்னோட்டத்தின் வேலையாக வைப்பதில்லை.

நம் ஆய்வுக்கு நான் நான்கு கேள்வி எழுதுவேன். கேட்டவர்களில் எத்தனை பேர் சேர்கிறார்கள்? சேர்ந்தவர்களில் எத்தனை பேரை மூன்று மாதம் கழித்து அளக்க முடிகிறது? திட்டமிட்ட ஆறு வருகையில் அக்கா எத்தனை போகிறார்? பிரஷரை ஒழுங்காக அளக்க முடிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வந்தால் அப்படியே மேலே போகலாம், எவ்வளவு வந்தால் முறையை மாற்றிக்கொண்டு போகலாம், எவ்வளவுக்குக் கீழே வந்தால் நிறுத்த வேண்டும் என்று முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி, எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். உதாரணமாக, கடைசி அளவீடு 80 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் பச்சை, 65-இலிருந்து 80-க்குள் என்றால் மஞ்சள், அதற்கும் கீழே என்றால் சிவப்பு. எண் வந்தபிறகு கோட்டைக் கிழித்தால் எந்த எண்ணும் பச்சைக்குள் விழுந்துவிடும். இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவதையும் முன்கூட்டியே முடியுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் பதிவதை மட்டுமே அங்கே ஏற்கிறார்கள். சின்ன ஆய்வுதானே என்று விட்டுவிட்டுப் பிறகு கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

களத்தில் பார்க்க வேண்டியது

முன்னோட்டம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

ஒரு ஜனவரி மாதம், வேறொரு குழுவோடு அளவீடு பார்க்கப் போயிருந்தேன். பள்ளத்தில் இருந்த லயன், காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. களப்பணிப் பையன் ஒரு அம்மாவின் கையில், ஸ்வெட்டருக்கு மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றினான். கழட்டச் சொல்லப்பா என்றேன். 'கழட்டினா குளிரும் தம்பி, மேலயே பாத்துக்க' என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தடித்த துணிக்கு மேல் சுற்றிய பட்டை காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினால் அது கையை இறுக்கி, அளவைத் தன் பங்குக்குக் கெடுக்கும். போதாததற்கு அந்த அம்மா சரிவில் ஏறி வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும்.

அன்று மாலையே முறையை மாற்றினோம். லயனுக்குள் ஒரு வீட்டின் அடுப்பங்கரைப் பக்கம் அளவீட்டுக்கு இடம் பிடித்தோம். ஸ்வெட்டருக்குப் பதில் ஒரு சால்வை, வெற்றுக் கையில் பட்டை, ஐந்து நிமிட இருப்பு, இரண்டு தடவை அளந்து சராசரி. அந்த முன்னோட்டம் தந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்று இன்றும் சொல்வேன். அதற்கு எந்த பி மதிப்பும் கிடையாது.

இதே போல இன்னும் சில விஷயங்கள் களத்தில்தான் தெரியவரும். கொழுந்து அதிகமாக வரும் நாட்களில் எடை போட்டு முடித்து வீடு திரும்ப நேரமாகிவிடும், நான்கு மணிக்குப் போகும் அக்காவுக்குப் பூட்டிய கதவுதான் கிடைக்கும். பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பூர் போனவர் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார். லயன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை என்பதால், இந்த வீட்டில் அக்கா கருவாட்டைப் பற்றிப் பேசியது அடுத்த வீட்டில் கேட்கும். அடுத்த வீட்டுக்காரர் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பார். ஆகவே மூன்று மாத முடிவில் ஒப்பீட்டுக் குழுவினரிடம் 'உப்பைப் பற்றி யாராவது பேசினார்களா' என்று ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள். நிறையப் பேர் ஆமாம் என்றால், பெரிய ஆய்வில் ஆட்களைப் பிரிக்காமல் தோட்டம் தோட்டமாகப் பிரிக்க வேண்டியிருக்கும், அப்போது கணக்கே வேறு.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறேன் என்று முன்னோட்டத்திலேயே ஒரு தோட்டத்தில் அக்கா, இன்னொரு தோட்டத்தில் வழக்கமான கவனிப்பு என்று இரண்டே தோட்டம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலைகள் நடக்கின்றனவா என்று பார்க்க அது போதும். பிரஷரை ஒப்பிட உதவாது. வித்தியாசம் அக்காவால் வந்ததா, அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை.

எண்கள் வந்தபிறகு

நம் மாதிரி ஆய்வில் 75 பேர் சேர்ந்தார்கள், 60 பேரைக் கடைசியில் அளக்க முடிந்தது, குழுவுக்கு 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 75-ஆல் வகுத்தால் சரியாக 80 சதவீதம், பச்சைக் கோட்டிலேயே நிற்கிறது. ஆனால் இந்த 80-உம் ஒரு மதிப்பீடுதான். அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 70-இலிருந்து 87 வரை போகிறது. 'பெரிய ஆய்விலும் 80 சதவீதம் பேர் தங்குவார்கள்' என்று எழுதாதீர்கள். '70 வரை இறங்கினாலும் தாங்கும்படி ஆட்களைச் சேர்ப்போம்' என்று எழுதுங்கள். சாத்தியக்கூறு எண்களைக்கூட எல்லையோடு படிக்க வேண்டும் என்றால், பலன் எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி பலன் எண். தொடக்கத்தில் இரண்டு குழுவிலும் மேல் அளவின் சராசரி 152. மூன்று மாதம் கழித்து அக்கா போன குழுவில் 138, ஒப்பீட்டுக் குழுவில் 144.

இங்கேதான் முதல் வழுக்கல். 'அக்கா போன குழுவில் 14 புள்ளி குறைந்தது!' என்று தலைப்பு போடக் கை துடிக்கும். ஒப்பீட்டுக் குழுவைப் பாருங்கள், யாரும் போகாமலே 8 குறைந்திருக்கிறது. அதற்கு இரண்டு காரணம் போதும். ஒன்று, ஜனவரிக் குளிரில் அளந்ததை ஏப்ரலில் மறுபடி அளந்திருக்கிறோம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும், வெயில் வந்தால் இறங்கும். இன்னொன்று, 140-க்கு மேல் இருந்தவர்களை மட்டுமே பொறுக்கிச் சேர்த்தோம். அன்றைக்கு மட்டும் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் அடக்கம். அடுத்த தடவை அளக்கும்போது அவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் 'முன்பு, பின்பு' என்று மட்டும் அளந்த முன்னோட்டத்தில் இந்த 8 புள்ளியும் அக்காவின் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டிய வித்தியாசம் 14 ஆகாது, 6. இரண்டாவது வழுக்கல் அந்த 6-இலேயே இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் மாற்றம் எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் 15 என்று கொள்வோம். குழுவுக்கு 30 பேர் என்றால் இந்த வித்தியாசத்தின் நியமப் பிழை சுமார் 3.9. நம்பக எல்லை, கிட்டத்தட்ட 14 புள்ளி குறைவிலிருந்து 2 புள்ளி கூடுதல் வரை. அதாவது அக்காவின் வருகை அபாரமான பலன் தந்திருக்கலாம், ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம், கொஞ்சம் கெடுத்திருக்கவும் கூடும். மூன்றோடும் இந்த எண்கள் ஒத்துப்போகின்றன. இவ்வளவு அகலமான எல்லையின் நடுவில் நிற்கும் 6-ஐ மட்டும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போவதைத்தான் அளவுக்கு மீறிப் படிப்பது என்கிறோம்.

பி மதிப்பு வந்துவிட்டால்?

வராவிட்டால் வருத்தம், வந்துவிட்டால் இனிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் வந்துவிட்டால்தான் நான் அதிகம் பயப்படுவேன். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். இந்த அளவு முன்னோட்டத்தில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வர, வித்தியாசம் ஏறத்தாழ 7.7 புள்ளியைத் தாண்டியாக வேண்டும். அக்காவின் உண்மையான பலன் 3 புள்ளிதான் என்று வையுங்கள். அப்போது 'தேறிய' முன்னோட்டம் ஒவ்வொன்றும் உண்மையை இரண்டரை மடங்காவது ஊதிக் காட்டியிருக்கும். ஊதாமல் தேறவே வழியில்லை. சின்ன ஆய்வில் பி மதிப்பு ஒரு சல்லடை மாதிரி. மிகைப்பட்ட எண்கள் மட்டும்தான் அதன் மேலே நிற்கும்.

மறுபக்கமும் உண்டு. உண்மையான பலன் 4 புள்ளியாக இருந்தாலும், இதே அளவு முன்னோட்டங்களில் ஏழுக்கு ஒன்று பூஜ்யத்தையோ எதிர்ப்பக்கத்தையோ காட்டும். அதைப் பார்த்து 'பலன் இல்லை' என்று கோப்பை மூடினால், நல்ல யோசனை ஒன்று அங்கேயே புதைந்துபோகும். சேர்க்கையும் தங்குதலும் பச்சையில் இருக்கிறபோது, பலன் எண் சிறிதாக வந்தது என்பதற்காக நிறுத்தாதீர்கள். அப்படி ஒரு நிறுத்தக் கோட்டை முன்கூட்டியே எழுதவும் எழுதாதீர்கள்.

'பி மதிப்பு வரவில்லை, ஆனால் நல்ல போக்கு தெரிகிறது' என்று ஒரு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. என் கண்ணில் பட்டால் அடித்துவிடுவேன். எல்லை இரண்டு பக்கமும் போகும்போது போக்கு எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

பெரிய ஆய்வுக்கு எத்தனை பேர்

சேதம் நிஜமாக நடப்பது இங்கே. முன்னோட்டத்தில் வந்த 6-ஐ அப்படியே சூத்திரத்தில் போடுவார்கள். 80 சதவீதத் திறனுக்கு, அதாவது உண்மையில் இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதமாக இருக்க, குழுவுக்கு எத்தனை பேர் என்ற சூத்திரம் இது. SD என்பது திட்ட விலக்கம், d என்பது கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம்.

```
n = 2 × (1.96 + 0.84)² × (SD ÷ d)²
d = 6, SD = 15  →  n = 98
d = 4, SD = 15  →  n = 221
d = 3, SD = 15  →  n = 392
```

98 பேர் என்றதும் கைடுக்கும் சந்தோஷம், நிதி கொடுப்பவருக்கும் சந்தோஷம். உண்மையான பலன் 3-ஆக இருந்தால், குழுவுக்கு 98 பேர் வைத்து நடத்தும் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 30 சதவீதம்கூட இல்லை. இரண்டு வருட உழைப்பு, 'பலன் நிரூபணமாகவில்லை' என்ற வரியில் முடியும். ஹெலினா க்ரேமரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் இதைத்தான் எச்சரித்தார்கள். முன்னோட்டத்தின் பலன் எண்ணை வைத்துப் பெரிய ஆய்வைத் திட்டமிட்டால், செய்ய வேண்டிய ஆய்வு கைவிடப்படும், அல்லது போதாத ஆட்களோடு நடத்தப்படும்.

அப்படியானால் d எங்கிருந்து வர வேண்டும்? முன்னோட்டத்துக்கு வெளியிலிருந்து. எத்தனை புள்ளி குறைந்தால் அந்தப் பெண்களுக்கு அது உடம்பளவில் பிரயோஜனம், அக்காவுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு அது தகுமா என்று வட்டார மருத்துவரோடும் திட்டத்தை நடத்துகிறவர்களோடும் உட்கார்ந்து பேசி, முன்பு நடந்த பெரிய ஆய்வுகளையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்படி 4 என்று முடிவானால் 221 பேர். கடைசிவரை 80 சதவீதம் பேர்தான் இருப்பார்கள் என்றால் குழுவுக்கு 277 பேர் சேர்க்க வேண்டும், 70 சதவீதம் என்றால் 316. முன்னோட்டம் இந்தக் கணக்குக்குக் கொடுப்பது இந்தத் தங்கும் விகிதத்தைத்தான், பலனை அல்ல.

திட்ட விலக்கத்தை முன்னோட்டத்திலிருந்து எடுக்கலாம், அதிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 60 பேரிடம் வந்த 15 என்பதன் எல்லை 13-க்குச் சற்றுக் கீழிருந்து 18-க்குச் சற்று மேல் வரை. 18 என்று போட்டால் அதே 4 புள்ளிக்கு, நடுவில் விட்டுப் போகிறவர்களுக்கான கூடுதலைச் சேர்க்காமலே, 221 பேர் 318 ஆகிவிடும். நான் எப்போதும் மேல் எல்லைப் பக்கம் சாய்ந்தே கணக்குப் போடுவேன். ஸ்வெட்டருக்கு மேல் அளந்த நாட்களின் எண்கள் உள்ளே இருந்தால் அந்தத் திட்ட விலக்கத்தைப் பயன்படுத்தவே மாட்டேன்.

முறையை நடுவில் மாற்றியிருந்தால், முன்னோட்டத்தில் சேர்ந்தவர்களைப் பெரிய ஆய்வின் எண்ணிக்கையோடு சேர்த்துக்கொள்ளவும் கூடாது. முறை மாறாமல் அப்படியே தொடர்வதாக முன்பே எழுதி அனுமதி வாங்கியிருந்தால் அது வேறு விஷயம்.

எழுதும்போது

தலைப்பில் 'பலன்', 'செயல்திறன்' என்ற சொற்கள் வேண்டாம். முன்னோட்டம் அல்லது சாத்தியக்கூறு என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். சுருக்கத்தின் முதல் முடிவு சேர்க்கையும் தங்குதலுமாக இருக்க வேண்டும், பிரஷர் கடைசியில். பிரஷரை மறைக்கச் சொல்லவில்லை. இரண்டு குழுவின் சராசரியையும் வித்தியாசத்தின் எல்லையையும் கொடுங்கள், பி மதிப்பை விட்டுவிடுங்கள்.

'லயன் அக்காவின் வருகை பிரஷரை 6 புள்ளி குறைத்தது. பெரிய அளவில் நடைமுறைப்படுத்தலாம்' என்று எழுதி வந்த ஒரு வரியை இப்படி மாற்றுவேன்: 'சேர்ந்த 75 பேரில் 60 பேரை மூன்று மாதம் கழித்து அளக்க முடிந்தது. குளிர்கால அளவீட்டு முறையை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய முறையோடு பெரிய ஆய்வை நடத்த முடியும். குழுக்களுக்கிடையே வித்தியாசம் 6 புள்ளி (எல்லை: 14 குறைவிலிருந்து 2 கூடுதல் வரை), வருகை பலன் தருகிறதா என்று இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது.'

கைடு 'இதுல என்னப்பா இருக்கு' என்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முன்கூட்டியே எழுதிய திட்டத்தை எடுத்து மேசையில் வையுங்கள். வைவாவில் கேட்டாலும் அதையேதான் காட்ட வேண்டும்.

கைடைவிடக் கஷ்டமான கேள்வி லயனில் வரும். கடைசி அளவீட்டு நாளில் ஒரு அம்மா கேட்பார், 'அந்தப் பொண்ணு வந்து போனதுல எனக்கு பிரஷர் குறைஞ்சுதா தம்பி?' அவருடைய சீட்டில் 158 இருந்தது, இப்போது 141. அந்த எண்ணைச் சொல்லுங்கள், அது அவருடையது. இன்னும் 140-க்கு மேலேதான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா என்றும் சொல்லுங்கள். அந்தப் பெண் வந்ததாலா என்றால், 'அது இன்னும் எங்களுக்கே தெரியாதும்மா, அதுக்குத்தான் அடுத்த வருஷம் நிறையப் பேரை வச்சுப் பாக்கப் போறோம்' என்று சொல்லிவிட்டு, அவர் சால்வையைப் போர்த்திக்கொள்ளும்வரை பட்டையைச் சுருட்டிக்கொண்டிருங்கள்.